ஹேங்கிங் டிராப்பில் கிளெப்சியெல்லா "ஓடுகிறது": இது மோட்டிலிட்டியா, வெறும் அசைவா?

பெட்ரிடிஷ்_21
வணக்கம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி பிராக்டிகலில் மோட்டிலிட்டி, அதாவது செல் தானே நீந்துகிறதா என்று, பார்க்கிறோம். கல்ச்சர் கிளெப்சியெல்லா, நியூட்ரியன்ட் பிராத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்ந்தது. கேவிட்டி ஸ்லைடில் ஹேங்கிங் டிராப் போட்டு 40எக்ஸ்-ல் பார்த்தால் எல்லா செல்லும் நகர்கிறது. சும்மா துடிக்கவில்லை, இடமிருந்து வலமாக உண்மையிலேயே போகிறது. ஐபீஸில் ஸ்கேல் இருக்கிறது. ஒரு செல் 4 விநாடியில் சுமார் 6 கோடு தாண்டியது. கிளெப்சியெல்லா நான்-மோட்டைல் என்றுதான் படித்தோம். ரெக்கார்டில் என்ன எழுதுவது? கண்ணால் பார்த்ததை எழுதினால் தப்பாகிறது, புத்தகத்தில் உள்ளதை எழுதினால் பொய்யாகிறது.

ஸ்லைடு_சேகரம்
எளிதான விதி ஒன்று உண்டு. இருந்த இடத்திலேயே நடுங்கினால் பிரௌனியன். இடம் விட்டு இடம் போனால் மோட்டைல். உங்கள் செல் இடம் மாறியிருக்கிறது, அதனால் மோட்டைல். கல்ச்சரில் வேறு ஏதோ கலந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துளி ஃபார்மலின் சேர்த்துப் பாருங்கள். அசைவு எல்லாம் நின்றுவிட்டால் அது உயிருள்ள அசைவு என்று உறுதி.

லூப்பும்_சுடரும்
சேகரம் சொன்ன விதியோடு கூடத்துக்குள் போனால் பாதி நாள் சரியாக இருக்கும், மீதி நாள் ஏமாற்றும். தம்பி பார்த்தது ஏமாற்றும் நாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

துளிக்குள் மூன்று வகை அசைவு ஒரே நேரத்தில் இருக்கும். நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் நடுக்கம் ஒன்று. துளியின் நீரே ஓடுவதால் அதோடு சேர்ந்து போவது இன்னொன்று. கசையிழையால் தானே நீந்துவது மூன்றாவது. இடம் விட்டு இடம் போவது இரண்டாவதிலும் நடக்கும். ஆற்றில் மிதக்கும் சருகும்தான் இடம் மாறுகிறது, அது நீந்துகிறது என்று சொல்ல மாட்டோமே.

பெட்ரிடிஷ், ஒன்று மட்டும் சொல்லுங்கள். எல்லா செல்லும் ஒரே திசையிலா போயின? அந்தத் திசையில் துளியின் விளிம்பு இருந்ததா?

பெட்ரிடிஷ்_21
ஆமாம் சார். எல்லாம் வலப்பக்கம்தான். விளிம்பும் வலப்பக்கம்தான் இருந்தது. வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான்.

லூப்பும்_சுடரும்
அப்படியென்றால் நீர் ஓட்டம். காரணம் பெரும்பாலும் கவர் ஸ்லிப்பைச் சுற்றி அடைக்கும் வாசலினில் விட்டுப்போன இடைவெளி.

துளியின் விளிம்பு மெல்லியது. காற்று உள்ளே வந்தால் அந்த விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடக்கும். இழந்த நீரை ஈடு கட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடும், செல்களையும் இழுத்துக்கொண்டு போகும். காபி சொட்டு காய்ந்தால் ஓரத்தில் மட்டும் கருவளையம் விழுகிறதே, அதே வேலைதான். நாமோ சரியாக விளிம்பில் ஃபோகஸ் வைத்துத்தான் பார்க்கிறோம். அதனால் அந்த ஓட்டம் முழுசாகக் கண்ணில் படும்.

இதைப் பிரித்தறிய ஒரு செல்லைப் பின்தொடராதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்லைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் இடைவெளியைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே போய் இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருந்தால் நீர்தான் ஓடுகிறது. ஒன்று இன்னொன்றைத் தாண்டிப் போகிறது, எதிர்த்திசையில் திரும்புகிறது, குறுக்கே வெட்டுகிறது என்றால் நீச்சல். ஓட்டத்துக்கு எதிராகப் போகும் ஒரு செல், ஓட்டத்தோடு போகும் நூறு செல்லைவிட நம்பகமான சாட்சி.

ஃபார்மலின் பற்றி: சேகரம், "அசைவு எல்லாம் நிற்கும்" என்பது சரியில்லை. நீச்சல் நிற்கும், நடுக்கம் நிற்காது. செத்த செல்லும், இந்தியன் இங்க் துகளும், சுண்ணாம்புத் தூளும் நடுங்கத்தான் செய்யும். ஃபார்மலின் போட்ட துளியை வைத்துக்கொள்வதன் பயனே அதுதான். நீச்சலைக் கழித்த பிறகு மிச்சம் எப்படி இருக்கும் என்று அது காட்டும். அரை மில்லி பிராத்தில் ஒரு துளி ஃபார்மலின் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அதிலிருந்து தனியாக இன்னொரு ஹேங்கிங் டிராப் போடுங்கள். கலப்பதை ஃபியூம் ஹுட்டில் செய்யுங்கள். ஏற்கெனவே தொங்கும் துளியில் ஃபார்மலினை விடாதீர்கள், அதுவே புதிய ஓட்டத்தைக் கிளப்பும்.

குளத்துநீர்
எனக்கும் இதே பிரச்சினைதான். 40எக்ஸ்-ல் எதுவுமே தெரிவதில்லை, வெறும் வெள்ளை வெளிச்சம். துளி பெரிசாக இருந்தால் நன்றாகத் தெரியுமென்று இரண்டு லூப் எடுத்து வைத்தேன். ஆயில் இமெர்ஷனுக்கும் மாற்றினேன், கவர் ஸ்லிப் உடைந்துவிட்டது. மைக்ராஸ்கோப் கோளாறா?

வேலூர்_பெஞ்ச்
குளத்துநீர், கேட்ட கேள்வி வேறு. இருந்தாலும் இதையும் சொல்லிவிடலாம், அடுத்து வருபவருக்கும் இங்கேதான் தடுக்கும்.

துளி பெரிசானால் கெடும். சாதாரண கேவிட்டி ஸ்லைடின் குழி ஆழமில்லை, பெரிய துளி அடியைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அது தொங்கும் துளியே இல்லை. ஒரு சிறிய லூப் அளவு போதும், கவர் ஸ்லிப்பின் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் பரவக்கூடாது.

வெளிச்சம் அதிகமாக இருந்தால் சாயமேற்றாத செல் மறைந்துபோகும். கண்டன்சரைக் கொஞ்சம் இறக்கி, டயாஃப்ரத்தை நன்றாகச் சுருக்குங்கள். முதலில் 10எக்ஸ்-ல் துளியின் விளிம்பைப் பிடியுங்கள். ஒரு கருங்கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டைப் பார்வைப் புலத்தின் நடுவில் வைத்துவிட்டு 40எக்ஸ்-க்குப் போங்கள். நடுத்துளியில் பார்த்தால் தடிமன் அதிகம், செல்கள் மேலும் கீழுமாய் ஃபோகஸை விட்டு விலகிக்கொண்டே இருக்கும். விளிம்பில் நீர் மெலிந்திருப்பதால் செல்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடைக்கும்.

ஆயில் லென்ஸ் இதற்கு வேண்டாம். அதன் முனைக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவே இடமே இருக்காது. துளியின் அடிப்பக்கத்துச் செல்லைத் தேடிக் கீழே இறக்கினால் கண்ணாடியை அழுத்தும். உடையாவிட்டாலும், ஆயில் கவர் ஸ்லிப்பைப் பிடித்து இழுத்து துளியையே ஆட்டும். உங்கள் மைக்ராஸ்கோப்பில் கோளாறில்லை.

எண்ணிப்பார்
கண்மதிப்பாக வாதிடுவதைவிட கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெட்ரிடிஷிடம் ஐபீஸ் ஸ்கேல் இருப்பது நல்லது. 10 மில்லிமீட்டரை 100 கோடாகப் பிரித்த ஸ்கேல் என்றால் 40எக்ஸ்-ல் ஒரு கோடு சுமார் 2.5 மைக்ரோமீட்டர். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் கொஞ்சம் மாறும்.

நீரில் 25 டிகிரியில் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைக்குப் பரவல் எண் D விநாடிக்குச் சுமார் 0.5 சதுர மைக்ரோமீட்டர். நாம் பார்க்கும் தளத்தில்,

```
<r²> = 4Dt
```

இதைப் போட்டால் 1 விநாடியில் சராசரியாக 1.4 மைக்ரோமீட்டர், அதாவது அரைக் கோடு. 4 விநாடியில் 2.8, ஒரு கோட்டுக்குச் சற்று மேல். 16 விநாடியில் 5.6, இரண்டு கோட்டுக்குச் சற்று மேல். நேரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான். 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டிய உறவு இதுதான்.

ஆகவே "பிரௌனியன் இடம் மாறாது" என்பதும் தவறு, மாறும். ஆனால் சேர்த்துவைக்கத் தெரியாத கை மாதிரி, போன தூரத்தில் பெரும்பங்கைத் திரும்ப இழந்துவிடும். நீந்தும் ஈ. கோலை விநாடிக்கு 20 முதல் 30 மைக்ரோமீட்டர் போகும், எட்டுக் கோட்டுக்கு மேல். சுமார் ஒரு விநாடி நேராக ஓடி, ஒரு கணம் உருண்டு, வேறு திசையில் மறுபடி ஓடும்.

பெட்ரிடிஷின் செல் 4 விநாடியில் 6 கோடு, அதாவது 15 மைக்ரோமீட்டர். நடுக்கத்துக்கு இது மிக அதிகம். நீச்சலுக்கு மிகக் குறைவு, விநாடிக்கு நான்கு மைக்ரோமீட்டர்கூட இல்லை. எல்லாம் ஒரே திசை என்பதையும் சேர்த்தால் லூப்பும்_சுடரும் சொன்ன நீரோட்டம்தான் பொருந்துகிறது.

1827-இல் ராபர்ட் பிரௌன் கிளார்க்கியா செடியின் மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்களில்தான் இதைப் பார்த்தார். உயிர் காரணமோ என்ற ஐயம் அவருக்கும் வந்தது. உயிரில்லாத கனிமத் தூளிலும் அதே அசைவைக் கண்டபிறகே அதை விட்டார். ஃபார்மலின் துளியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதே கேள்வியைக் கேட்பதுதான்.

ஸ்லைடு_சேகரம்
சரி, நடுக்கமும் இடம் மாறும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நின்ற இடத்திலேயே சுற்றும் செல்லை என்ன சொல்வது? அது இடம் மாறவில்லை, ஆகவே அதை நான்-மோட்டைல் என்று விடலாம் அல்லவா?

எண்ணிப்பார்
அங்கேதான் அந்த விதி எதிர்ப்பக்கமும் தவறுகிறது. கசையிழையின் நுனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் செல் நகர முடியாது, ஆனால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். செல்லின் உடலே விசிறி மாதிரி சுழலும். ஒரே திசையில் தொடர்ந்து பல சுற்று சுற்றினால் அது உயிருள்ள இயக்கம். திடீரென்று நின்று எதிர்த்திசையில் பல சுற்று சுற்றினாலும் அப்படியே. நடுக்கத்தால் வரும் திருப்பம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்றிருக்கும், முழுச் சுற்றுகளை வரிசையாக முடிக்காது. குச்சி வடிவச் செல் சில விநாடிகளில் தானாகவே திசை மாறிவிடும் என்பதால் "தலை திரும்பியது" என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேலூர்_பெஞ்ச்
நடுக்கத்தில் கோக்கை என்ற சிறிய உருண்டை பாக்டீரியாக்கள் மிகவும் ஏமாற்றும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒவ்வொன்றும் நடுங்குவதைப் பார்த்து "ஆக்டிவ் மோட்டிலிட்டி" என்று எழுதிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் போட்டால் அந்தத் தவறு வராது. பாசிட்டிவுக்கு ஈ. கோலை அல்லது புரோட்டியஸ், நெகட்டிவுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ். மூன்று ஸ்லைடையும் ஒரே நேரத்தில் போட்டு, அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலில் ஈ. கோலையே நீந்தவில்லை என்றால் உங்கள் நான்-மோட்டைல் முடிவும் செல்லாது.

காலராவில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். விப்ரியோ காலரே எறிந்த ஈட்டி மாதிரி பாயும், பார்வைப் புலத்தை ஓரிரு கணத்தில் கடக்கும். பொருத்தமான ஓ1 ஆன்டிசீரம் ஒரு துளி கலந்தால் பாய்ச்சல் நின்றுவிடும். ஆனால் உற்றுப் பார்த்தால் நின்ற செல்கள் இன்னமும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஸ்லைடில் இரண்டையும் அடுத்தடுத்து காட்டும் சோதனை அது.

குளத்துநீர்
இப்போது தெரிகிறது, நன்றி. டயாஃப்ரத்தைச் சுருக்கியதும் செல்கள் வந்துவிட்டன. சூடோமோனாஸ் வைத்திருக்கிறேன். முதல் சில நிமிடம் நன்றாக நீந்தியது, கால் மணிநேரத்தில் நடுவில் இருந்தவை எல்லாம் நின்றுவிட்டன, விளிம்பில் மட்டும் ஓடுகிறது. இதற்கு முடிவை எப்போது எழுதுவது?

லூப்பும்_சுடரும்
அது ஆக்சிஜன் தீர்ந்ததன் அடையாளம். சூடோமோனாஸ் காற்று தேடும் உயிரி. அடர்த்தியான கல்ச்சர் என்றால் துளியின் நடுவில் உள்ள ஆக்சிஜனை விரைவில் தின்றுவிடும். விளிம்பில் காற்று அருகில் இருப்பதால் அங்கே மட்டும் மிஞ்சும். ஸ்லைடு தயாரானதும் இரண்டு மூன்று நிமிடம் அமைதியாக விட்டு, அதன்பின் பத்து நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அந்த முதல் இரண்டு நிமிடம் கவிழ்த்ததால் வந்த குலுக்கல் ஓயத்தான். அடர்த்தியாக இருந்தால் புதிய பிராத்தில் பத்து மடங்கு கரைத்து எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் கரைக்காதீர்கள்.

வாசலினை இறுக்கமாக அடைப்பதும் ஆக்சிஜனும் மோதாதா என்று கேட்பீர்கள். குழியில் இருக்கும் காற்று அந்தப் பத்து நிமிடத்துக்குப் போதும்.

பெட்ரிடிஷ், நீங்கள் மறுபடி போடும்போது இப்படிப் போடுங்கள். கிரீஸ் போகத் துடைத்த கவர் ஸ்லிப்பில் சிறு துளி. குழியைச் சுற்றி ஸ்லைடில் வாசலினை முழு வளையமாக, இடைவெளி விடாமல். நான்கு மூலையில் மட்டும் புள்ளி வைத்தால் விளிம்பு திறந்துதான் இருக்கும், உங்கள் வகுப்பில் அப்படித்தான் வைத்தார்களோ என்று சந்தேகம். ஸ்லைடைத் துளியின் மேல் கவிழ்த்து லேசாக அழுத்தி, தயங்காமல் ஒரே திருப்பாகத் திருப்புங்கள். மெதுவாகத் திருப்பினால் துளி ஓரத்துக்கு வழியும். விசிறியை அணைத்துவிடுங்கள். விளக்கு ஹாலஜன் என்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள், சூடேறிய துளியிலும் ஓட்டம் பிறக்கும்.

கல்ச்சரைப் பொறுத்தவரை 24 மணி நேரம் எனக்குப் பிடிக்காது. அதைப் புதிய பிராத்தில் மாற்றி நான்கு முதல் ஆறு மணி நேரம் வளர்த்துப் பாருங்கள். பழைய கல்ச்சரில் மோட்டைல் இனங்களும் சோர்ந்துபோய் நிற்கும். வோர்டெக்ஸில் போடாதீர்கள், கசையிழை அறுந்துபோகும். முடிந்ததும் ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் நேராக ஹைப்போகுளோரைட்டில்.

ஸ்லைடு_சேகரம்
37 டிகிரி எல்லாவற்றுக்கும் சரிதானே?

வேலூர்_பெஞ்ச்
இல்லை. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் 20–25 டிகிரியில் வளர்ந்தால் துள்ளி உருளும், 37-இல் பெரும்பாலும் நின்றுவிடும். அதைத் தேடும்போது அறை வெப்பத்தில் வளர்த்த பிராத் வேண்டும். இந்த இழைக்கு இது பக்கத்துப் பேச்சுதான், விட்டுவிடுகிறேன்.

பெட்ரிடிஷ்_21
திரும்பப் போட்டேன் சார். முழு வளையம், 5 மணி நேர கல்ச்சர், விசிறி இல்லை, பக்கத்தில் ஈ. கோலையும் ஃபார்மலின் துளியும். நீரோட்டம் ஏறக்குறைய போய்விட்டது. ஒரு செல்லைப் பின்தொடர்ந்தேன்: 4 விநாடியில் ஒரு கோடு, 16 விநாடியில் இரண்டு. ஃபார்மலின் துளியிலும் அதே. ஈ. கோலை கண்முன்னே ஓடியது. ஆனால் கிளெப்சியெல்லா துளியில் இரண்டு மூன்று செல் மட்டும் குறுக்கே வெட்டிப் போயின, மற்றவை எல்லாம் நடுங்குகின்றன. இப்போது அந்த இரண்டு மூன்றை என்ன செய்வது?

ஸ்லைடு_சேகரம்
கலப்படம். நான் முதலிலேயே சொன்னேன்.

லூப்பும்_சுடரும்
கலப்படமாக இருக்கலாம், லூப்பை இரண்டு கல்ச்சருக்கு நடுவே சரியாகச் சுடவில்லை என்றால் அந்த ஈ. கோலையே வந்திருக்கும். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். குழாயில் என்ன எழுதியிருக்கிறது? வெறும் "கிளெப்சியெல்லா" என்றா, இனப் பெயரோடா?

கிளெப்சியெல்லா நிமோனியே நான்-மோட்டைல். ஆனால் முன்பு என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ் என்று அழைத்ததை 2017-இல் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பெயருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அது மோட்டைல். "கிளெப்சியெல்லா எல்லாம் நான்-மோட்டைல்" என்ற வரி பழைய புத்தகத்தில் சரி, புதிய பெயரில் சரியில்லை.

பெட்ரிடிஷ்_21
குழாயில் வெறும் "கிளெப்சியெல்லா" என்றுதான் இருக்கிறது.

எண்ணிப்பார்
ஏரோஜீன்ஸ் என்றால் இளம் கல்ச்சரில் இரண்டு மூன்று மட்டுமே ஓடுமா? பெரும்பகுதி ஓட வேண்டாமா?

லூப்பும்_சுடரும்
ஓடும் பங்கு கல்ச்சருக்கு கல்ச்சர் மாறும். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சில செல் மட்டுமே ஓடினாலும், ஓட்டம் நிச்சயமாக நீச்சல்தான் என்றால் அந்தக் குழாயில் ஒரு மோட்டைல் இனம் இருக்கிறது. எது என்பது தனிக் கேள்வி. மெக்கான்கியில் கீறி தனிக்காலனி எடுங்கள். காலனி ஒரே வகையா, இரண்டு வகையா என்று பாருங்கள். ஒவ்வொரு வகைக் காலனியிலிருந்தும் நியூட்ரியன்ட் பிராத்துக்கு மாற்றி, மறுபடி ஹேங்கிங் டிராப். மெக்கான்கி தட்டிலிருந்து நேராகத் துளி போடாதீர்கள், பித்த உப்பு ஊடகத்தில் நீச்சல் குன்றலாம். ஒரே வகைக் காலனி என்றால் ஆர்னிதின் டீகார்பாக்சிலேஸ் போடுங்கள். ஏரோஜீன்ஸ் பாசிட்டிவ், நிமோனியே நெகட்டிவ்.

வேலூர்_பெஞ்ச்
கூடவே செமிசாலிட் அகாரில் ஒரு குத்து குத்திவையுங்கள், 0.4 சதவீதம் அகார் போதும். ஹேங்கிங் டிராப்பில் ஓரிரு செல் மட்டும் ஓடும்போது அதைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஓடுகிறவை இரவெல்லாம் பரவி குத்துக்கோட்டைச் சுற்றிக் கலங்கலாகக் காட்டும்.

லூப்பும்_சுடரும்
அதில்தான் நமக்குள் ஒத்துப்போகாது. செமிசாலிடில் கலப்படமும் அதே கலங்கலைத்தான் காட்டும். யார் பரவினார் என்று அது சொல்லாது. துளியில் ஓடும் செல்லின் வடிவத்தையாவது பார்க்கலாம். இரண்டும் போடட்டும், ஆனால் தனிக்காலனிக்குப் பிறகு.

பெட்ரிடிஷ்_21
ரெக்கார்டில் இப்போதைக்கு "பெரும்பாலான செல்களில் பிரௌனியன் மட்டும், சிலவற்றில் நீச்சல், இனம் உறுதிசெய்யப்படவில்லை" என்று எழுதுகிறேன். நாளை தட்டில் காலனியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்லைடு_சேகரம்
ஓடிய செல்கள் ஈ. கோலையைவிடக் குட்டையா, நீளமா என்று முடிந்தால் பாருங்கள். நான் கலப்படம் என்பதில் இன்னும் நிற்கிறேன்.